கோப்புறையை அழிக்க விடாமல் பிடித்திருப்பது எந்த நிரல்?

"மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். கடைக் கணினியில் பழைய வருடக் கணக்குக் கோப்புறையை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு அழிக்கப் போனால், அது இன்னொரு நிரலில் திறந்திருக்கிறது என்று சொல்லி விண்டோஸ் விட மறுக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மூடிவிட்டேன். எது பிடித்து வைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில், விண்டோஸ் "திறந்திருக்கிறது" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் திரையில் ஒரு சாளரம் தெரிந்தால் கோப்பு திறந்திருக்கிறது என்றும், அதை மூடினால் கோப்பும் மூடிவிட்டது என்றும் எடுத்துக்கொள்கிறோம். விண்டோஸோ சாளரத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்படி கேட்கும்போது, விண்டோஸ் அந்த நிரலின் பெயரில் ஒரு பதிவை உண்டாக்கி, அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. இந்தப் பதிவுக்கு ஹேண்டில் என்று பெயர். நிரல் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கும் வரை, அல்லது அந்த நிரலே முடிந்துபோகும் வரை, கோப்பு திறந்ததாகவே கணக்கில் இருக்கும். இடையில் சாளரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதற்கு மறுதலையும் உண்டு. பழைய நோட்பேடில் ஒரு கோப்பு கண்முன் தெரிந்துகொண்டிருக்கும்போதே அதை அழித்துவிடலாம், ஏனென்றால் நோட்பேட் உள்ளடக்கத்தை முழுவதும் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு கோப்பை உடனே விட்டுவிடுகிறது.

ஹேண்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அழித்தல் தடைபட்டுவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோப்பைத் திறக்கும் நிரல் விண்டோஸிடம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: நான் இதில் என்ன செய்யப்போகிறேன் என்பது ஒன்று, நான் வைத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் இதை என்ன செய்யலாம் என்பது மற்றொன்று. படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்ற மூன்றுக்கும் தனித்தனியாக இசைவு கொடுக்கலாம். எக்செல் ஒரு கோப்பைத் திருத்துவதற்காகத் திறக்கும்போது மற்றவர்கள் படிக்க மட்டும் இடம் கொடுக்கிறது. எழுதவும் அழிக்கவும் கொடுப்பதில்லை. உங்களால் அந்தக் கோப்புறையை நகல் எடுக்க முடிந்தது, ஆனால் அழிக்க முடியவில்லை என்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அழிப்பதும் விண்டோஸுக்கு ஒருவகைத் திறப்புத்தான்: எக்ஸ்ப்ளோரர் உங்கள் சார்பில் அந்தக் கோப்பை "அழிக்கும் உரிமையோடு" திறக்கக் கேட்கிறது, முன்பே வைத்திருப்பவர் அந்த உரிமையைப் பிறருக்குத் தரவில்லை என்பதால் விண்டோஸ் மறுத்துவிடுகிறது.

கோப்புறை என்றால் இன்னும் கண்டிப்பு அதிகம். ஒரு கோப்புறைக்குள் எந்த ஆழத்திலாவது ஒரே ஒரு கோப்பு திறந்திருந்தாலும், அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றவோ வேறிடத்துக்கு நகர்த்தவோ விண்டோஸ் பொதுவாக இசையாது. மறுசுழற்சித் தொட்டிக்கு அனுப்புவதும் நகர்த்துவதுதானே. ஆகவே நூறு கோப்புகளில் தொண்ணூற்றொன்பது சும்மா கிடந்தாலும், மிஞ்சிய ஒன்று முழுக் கோப்புறையையும் நிறுத்திவைக்கும்.

தேடத் தொடங்கும் முன் ஒரு சோதனை. உங்களுக்கு வந்திருப்பது இந்தத் தடைதானா, அல்லது அனுமதி இல்லை என்ற வேறு தடையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் சந்தேகப்படும் கோப்பு ஒன்றின் மீது `del` கட்டளையை ஓட்டினால் போதும். ஆனால் தடை இல்லாவிட்டால் அது மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாமல் நேரே அழிந்துவிடும் என்பதால், நகல் எடுத்துவிட்ட கோப்பில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

```
del "D:\Kanakku\2017-18\Iruppu.xlsx"
```

`The process cannot access the file because it is being used by another process.` என்று வந்தால் யாரோ பிடித்திருக்கிறார்கள், தேடலாம். `Access is denied.` என்று வந்தால் பெரும்பாலும் அது உரிமை சார்ந்த சிக்கல். கோப்பு வேறு பயனர் பெயரில் இருக்கலாம், படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அங்கே பிடித்திருப்பவரைத் தேடுவது வீண். இதில் ஒரு விதிவிலக்கு: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் `.exe` கோப்பையோ அது பயன்படுத்தும் `.dll` கோப்பையோ அழிக்க முயன்றாலும் இந்த இரண்டாவது வாசகமே வரும்.

இனி தேடும் முறைக்கு வருகிறேன். உங்கள் கடையைப் போலவே மாசி வீதிப் பகுதியில் இருக்கும் ஒரு மொத்தக் கடையில் நான் நேரில் பார்த்ததைச் சொன்னால் எளிதாகப் புரியும், ஏனென்றால் பிடித்து வைத்திருக்கக்கூடியவர்களில் மூன்று வகையினர் அன்று ஒரே கோப்புறையில் இருந்தார்கள். கல்லாவில் ஒரு கணினி. அதன் D டிரைவில் `Kanakku` என்ற கோப்புறை, நெட்வொர்க்கில் பகிரப்பட்டிருந்தது. பின்தெருவிலிருந்த குடோனில் இன்னொரு கணினி, அங்கிருந்து இருப்புப் பட்டியலைப் பார்ப்பார்கள். கடைக்காரர் `2017-18` என்ற உட்கோப்புறையை அழிக்க முயன்று முடியாமல் கூப்பிட்டார். பில் போடும் நேரம் என்பதால் கணினியை அணைத்துப் போடவும் அவருக்கு மனமில்லை.

விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர் இதற்குப் போதுமான கருவி. தனியாக எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. தொடக்கப் பட்டியலில் `resmon` என்று தட்டச்சு செய்து, வலது சொடுக்கில் நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். `CPU` என்ற தாவலுக்குப் போனால் `Associated Handles` என்று ஒரு பகுதி இருக்கும், அதன் வலப்புறத்தில் ஒரு தேடல் பெட்டி. அதில் கோப்பின் முழுப்பெயர் வேண்டியதில்லை, பெயரில் ஒரு துண்டு போதும். நாங்கள் `2017-18` என்று கொடுத்தோம். சில நொடிகளில் மூன்று வரிகள், நிரலின் பெயரும் ஓடும் அந்த நிரலுக்கு விண்டோஸ் கொடுத்த PID என்ற எண்ணுமாக, வந்தன: `EXCEL.EXE`, எண் 7312, `System`, எண் 4, `cmd.exe`, எண் 5128. ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்ற முழுப்பாதையும் இருந்தது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

முதல் வரியைப் பார்த்ததும் கடைக்காரர், "எக்செல்லை மூடி அரைமணி நேரம் ஆச்சே" என்றார். அவர் சொன்னது உண்மை. திரையில் எக்செல் எங்கும் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, `Details` தாவலில் தலைப்பு வரியை வலது சொடுக்கி, `Command line` என்ற நெடுவரிசையைச் சேர்த்தோம். 7312 என்ற எண்ணுக்கு எதிரே, எக்செல்லின் பாதைக்குப் பின்னால் `/automation -Embedding` என்று இருந்தது. அந்த எக்செல்லை மனிதர் யாரும் திறக்கவில்லை, இன்னொரு நிரல் தன் வேலைக்காகப் பின்னணியில் எழுப்பியிருக்கிறது என்பதற்கு இந்தச் சொற்களே அடையாளம். பில் போடும் மென்பொருளில் "எக்செல்லுக்கு அனுப்பு" என்று ஒரு பொத்தான் இருந்தது. அது எக்செல்லைக் கண்ணுக்குத் தெரியாமல் எழுப்பி, அறிக்கையை எழுதிச் சேமித்துவிட்டு, இறுதியில் "வெளியேறு" என்று சொல்லாமலோ, சொல்லியும் தன் பிடியை விடாமலோ போய்விட்டது. அந்தக் காலைப்பொழுதில் யாரோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய வருட அறிக்கையை எடுத்திருக்கிறார்கள். இது மிகவும் பரவலான பிழை. எக்செல்லை நீங்கள் எத்தனை முறை திறந்து மூடினாலும் பின்னணியில் இருக்கும் அந்த எக்செல் போகாது, ஏனென்றால் நீங்கள் திறப்பது தனியான வேறொன்று.

இதைத் தீர்க்கும்போது ஒரு வரிசையைக் கடைப்பிடியுங்கள். வேறு எக்செல் சாளரங்கள் திறந்திருந்தால் அவற்றைச் சேமித்து மூடிவிடுங்கள். அதன் பிறகும் டாஸ்க் மேனேஜரில் எஞ்சியிருக்கும் எக்செல்தான் நீங்கள் தேடுவது. அதன் எண்ணை ரிசோர்ஸ் மானிட்டரில் கண்ட எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் முடித்துவிடுங்கள்.

```
taskkill /pid 7312 /f
```

நிரல் முடிந்ததும் அதன் எல்லா ஹேண்டில்களையும் விண்டோஸே மூடிவிடும். ஆனால் அடுத்த முறை அந்தப் பொத்தானை அழுத்தும்போது இதே கதை மீண்டும் நடக்கும் என்பதால், மென்பொருளைச் செய்து கொடுத்தவரிடம், அறிக்கை எழுதி முடித்த பின் எக்செல்லை முறையாக மூடும்படி திருத்தச் சொல்ல வேண்டும். `/automation -Embedding` தெரியும் திரையைப் படம் எடுத்து அனுப்பினால், அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது வரியான `System`தான் பலரையும் திகைக்க வைப்பது. எண் 4 என்பது விண்டோஸின் மையப் பகுதியான கருவுக்கு உரிய எண். எந்தக் கணினியிலும் அதே எண்தான். அதை முடிக்க முடியாது, முடிக்க முயலவும் கூடாது. கருவுக்கும் உங்கள் கணக்குக் கோப்புக்கும் என்ன தொடர்பு? கோப்புப் பகிர்வுச் சேவை கருவுக்குள்ளேயே இயங்குகிறது என்பதுதான் தொடர்பு. நெட்வொர்க்கில் வேறொரு கணினி உங்கள் டிரைவிலிருக்கும் கோப்பைத் திறக்கும்போது, உங்கள் கணினியில் அதற்காகத் திறப்பவர் `System`. ஆகவே பகிரப்பட்ட கோப்புறையில் `System` என்ற பெயரைக் கண்டால், உங்கள் கணினியில் நிரல்களை மூடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, மற்ற கணினிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். இரண்டு கணினிகள் உள்ள கடைகளில் எனக்கு வரும் கேள்விகளில் விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது, ஆனால் எல்லோரும் கடைசியாகப் பார்க்கும் இடமும் இதுவே.

எந்தக் கணினி என்பதை அறிய, நிர்வாகி உரிமையோடு திறந்த பவர்ஷெல்லில் இதைக் கொடுங்கள்:

```
Get-SmbOpenFile |
  Where-Object Path -like "*2017-18*" |
  Select-Object FileId, ClientComputerName, ClientUserName, Path
```

கட்டளை பிடிக்காதவர்கள் `fsmgmt.msc` என்று தட்டச்சு செய்து, வரும் சாளரத்தில் `Open Files` என்பதைப் பார்க்கலாம். யார், எந்தக் கோப்பை, படிக்கவா எழுதவா என்பது அங்கேயும் தெரியும். எங்களுக்கு 192.168.1.23 என்ற முகவரி வந்தது. குடோன் கணினியின் முகவரி அதுதான். கடைக்காரர் போன் போட்டார். "ஆமாண்ணே, காலைல பாத்துட்டு கீழ சுருக்கி வச்சிட்டேன்" என்று பதில் வந்தது. அவர் மூடியதும் அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது.

அந்த ஹேண்டிலை நம் பக்கத்திலிருந்தே மூடும் வசதியும் இருக்கிறது: `fsmgmt.msc` சாளரத்தில் வலது சொடுக்கு, அல்லது பவர்ஷெல்லில் `Close-SmbOpenFile`. மறுமுனையில் யாரும் இல்லை, சேமிக்காத வேலை எதுவும் இல்லை என்று தெரிந்தால் தவிர இதைச் செய்யாதீர்கள். அங்கே ஒருவர் பாதி எண்களை நிரப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தால், அவர் திரும்பி வந்து சேமிக்கும்போது அந்த வேலை பறிபோகலாம். ஒரு போன் அழைப்பு இதைவிடப் பாதுகாப்பானது.

பகிர்வுப் பட்டியலில் எதுவும் இல்லை, ஆனாலும் `System` பிடித்திருக்கிறது என்றால், அது `.iso` அல்லது `.vhdx` வகைக் கோப்பா என்று பாருங்கள். அத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கினால் விண்டோஸ் அதை ஒரு டிரைவாக இணைத்துவிடுகிறது. அந்த டிரைவை வலது சொடுக்கி `Eject` கொடுத்தால் கோப்பு விடுபடும்.

மூன்றாவது வரியான `cmd.exe` சுருக்கமான விஷயம். அது எந்தக் கோப்பையும் திறக்கவில்லை, கோப்புறையையே பிடித்திருந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் "நான் இப்போது நிற்கும் கோப்புறை" என்று ஒன்று உண்டு, அதன் மீது ஒரு ஹேண்டிலை எப்போதும் வைத்திருக்கும். நகல் எடுப்பதற்காக யாரோ கருப்புச் சாளரத்தில் அந்தக் கோப்புறைக்குள் `cd` போட்டு நுழைந்து, அப்படியே விட்டிருந்தார்கள். இத்தகைய பிடியில் உள்ளிருக்கும் கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். வெறும் கோப்புறை மட்டும் அழியாமல் நிற்கும். வெறுமையான கோப்புறை அழிய மறுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாளரத்தை மூடினாலோ, `cd \` கொடுத்து வெளியே வந்தாலோ போதும். மூன்று வரிகளும் போன பின் கோப்புறை ஒரே முறையில் அழிந்தது.

ரிசோர்ஸ் மானிட்டரில் ஒரு வரியும் வராவிட்டால் என்ன செய்வது? நிர்வாகி உரிமையோடு திறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். மற்ற பயனர்களுடைய நிரல்களின் ஹேண்டில்கள் அந்த உரிமை இல்லாமல் தெரியாமல் போகலாம். அடுத்து, கோப்பு உண்மையில் எந்தக் கணினியின் டிரைவில் இருக்கிறது என்று பாருங்கள். குடோன் கணினியில் உட்கார்ந்துகொண்டு கல்லாக் கணினியின் கோப்பை அழிக்க முயன்றால், குடோனில் எவ்வளவு தேடினாலும் கல்லாவில் பிடித்திருப்பவர் தெரியமாட்டார். வட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முழுக் கணக்கும் இருக்கும். மூன்றாவதாக, பிடி சில நொடிகளே நீடிப்பதாக இருக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் புதிய கோப்பைப் பரிசோதிப்பது, மேகச் சேமிப்புக்கு ஒத்திசைப்பது, எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகம் கோப்பைக் காட்டுவது ஆகியவை இப்படிப்பட்டவை. Alt+P அழுத்தி முன்னோட்டப் பலகத்தை மூடிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் முயலுங்கள்.

அதற்கும் கிடைக்காவிட்டால், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரைப் பரிந்துரைக்கிறேன். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கி, 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய தொகுப்பு இது, இலவசம். அதில் `Find` பட்டியலில் `Find Handle or DLL` என்பதைத் திறந்து பெயரைத் தேடினால், ஹேண்டில்களோடு, நிரல்கள் நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும் `.dll` கோப்புகளும் ஒரே தேடலில் அகப்படும். கட்டளை வடிவம் வேண்டுமானால் அதே தொகுப்பில் `handle64.exe` இருக்கிறது:

```
handle64.exe -accepteula -nobanner 2017-18
```

இந்தக் கருவிகள் இரண்டிலும், நிரலை முடிக்காமல் ஹேண்டிலை மட்டும் வலுக்கட்டாயமாக மூடும் வழி உண்டு. இணையத்தில் பலர் இதையே முதல் தீர்வாகச் சொல்கிறார்கள். கணக்குக் கோப்புகள் இருக்கும் கணினியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் இது: ஹேண்டில் என்பது அந்த நிரலுக்குள் ஓர் எண் மட்டுமே. நீங்கள் வெளியிலிருந்து அதை மூடியது அந்த நிரலுக்குத் தெரியாது. அந்த எண் தன் பழைய கோப்பையே குறிக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். விண்டோஸோ காலியான எண்ணை அதே நிரல் அடுத்துத் திறக்கும் கோப்புக்குக் கொடுத்துவிடலாம். அப்போது பழைய கோப்புக்கென்று நிரல் எழுதுவது, இன்றைய விற்பனைக் கோப்பின் நடுவில் போய் விழும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பல நாள் கழித்து மொத்தத் தொகை சேராதபோதுதான் தெரியவரும். நிரலை முழுவதுமாக முடிப்பது இதைவிட நல்லது, ஏனென்றால் அப்போது தவறான இடத்தில் எழுதுவதற்கு யாரும் மிஞ்சியிருப்பதில்லை.

பிடித்திருப்பது முடிக்கவே முடியாத ஒரு சேவை என்றால், மறுதொடக்கத்தின்போது அழிக்கும்படி விண்டோஸிடம் சொல்லி வைக்கலாம். சிஸ்இன்டர்னல்ஸின் `movefile`, நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டினால், அதைச் செய்கிறது. போகுமிடத்தை வெறும் மேற்கோள் குறிகளாக விட்டால் அழிக்க வேண்டும் என்று பொருள்.

```
movefile64.exe "D:\Kanakku\2017-18\Iruppu.xlsx" ""
```

இந்தக் கோரிக்கை ரெஜிஸ்ட்ரியில் `PendingFileRenameOperations` என்ற பெயரில் பதிவாகி, அடுத்த தொடக்கத்தில் சேவைகளும் பயனர் நிரல்களும் எழும் முன்பே நிறைவேற்றப்படும். கணினியிலேயே இருக்கும் வட்டுக்கு மட்டுமே இது செல்லும். நெட்வொர்க் பாதைக்குச் செல்லாது. கோப்புறையை இவ்வாறு குறிப்பிட்டால், அந்த நேரத்தில் அது காலியாக இருந்தால்தான் அழியும் என்பதால், உள்ளிருக்கும் கோப்புகளை முதலிலும் கோப்புறையை இறுதியிலும் வரிசையாகக் கொடுக்க வேண்டும்.